வட்டிச் சான்றிதழில் கூடிப்போன 4,500 ரூபாய்: ஓய்வுபெற்ற ஆசிரியை வங்கிக்கு எழுதிய கடிதம்

காரைக்குடியில் ஓய்வூதியர்களுக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் வேலை. 2025-ல் என்னிடம் வந்த ஒரு கணக்கைப் பற்றி, சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு இங்கே எழுதுகிறேன். அவர் பெயர், ஊர், வங்கி எதையும் குறிப்பிடவில்லை. தொகை சின்னதுதான். ஆனால் வட்டிச் சான்றிதழும், நம் பான் எண்ணில் ஏறிய வரிப் பிடித்தத்தை வருமான வரித் துறை காட்டும் படிவம் 26ஏஎஸ்-ம் ஒத்துப்போகாமல் தவிக்கிற பலர் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பின்னணி

அந்த அம்மா செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில், நகரத்தார் குடும்பம் ஒன்று நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 71. கருவூலம் வழியாக மாதம் சுமார் 32,000 ரூபாய் ஓய்வூதியம் வருகிறது. ஓய்வின்போது கிடைத்த பணத்தையும் பிறகு சேர்த்ததையும் ஊரிலுள்ள வங்கிக் கிளையில் மூன்று வைப்புகளாகப் போட்டிருக்கிறார். 10 லட்சம், 8 லட்சம், 6 லட்சம். மூன்றுக்கும் 7.5 சதவீத வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி சேமிப்புக் கணக்கில் வந்து விழும். காலாண்டுக்கு 45,000, ஆண்டுக்கு 1,80,000 ரூபாய்.

2024-25 நிதியாண்டில், ஒரு வங்கியில் மூத்த குடிமக்களுக்கு வரும் வட்டி ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். (2025 ஏப்ரலிலிருந்து இந்த வரம்பு 1 லட்சம்.) அதன்படி இவருக்குக் காலாண்டுக்கு 4,500 ரூபாய் பிடித்தம் வரும். ஆனால் ஓய்வூதியத்தையும் வட்டியையும் கூட்டி, புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 ரூபாயைக் கழித்தால் மிஞ்சுவது 5 லட்சத்துக்குள்தான். 7 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருந்ததால் அவர் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. இப்படிப்பட்டவர், தனக்கு வரி வராது என்று உறுதி சொல்லும் படிவம் 15எச் கொடுத்துவிட்டால் வங்கி வரி பிடிக்கக் கூடாது.

வழக்கமாக ஏப்ரல் முதல் வாரத்திலேயே அதைக் கொடுத்துவிடுகிறவர் அவர். அந்த ஆண்டு கண் அறுவை சிகிச்சை முடிந்து மதுரையில் மகள் வீட்டில் தங்க வேண்டியதாகிவிட்டது. ஊர் திரும்பி, 2024 ஆகஸ்ட் 12 அன்றுதான் கிளையில் 15எச் கொடுத்தார். நகலில் தேதியோடு முத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டார். அந்த முத்திரை பின்னால் பெரிய உதவியாக இருந்தது.

சான்றிதழில் தெரிந்தது

2025 ஜூனில் கிளைக்குப் போய் வட்டிச் சான்றிதழ் வாங்கினார். மொத்த வட்டி 1,80,000, பிடித்த வரி 9,000 என்று அதில் இருந்தது. என்னிடம் வந்ததும் வருமான வரித் தளத்தில் அவருடைய 26ஏஎஸ்-ஐத் திறந்தேன். அதில் முதல் காலாண்டுக்கான 4,500 மட்டும்தான் இருந்தது. அதன் பக்கத்தில் 'F' என்ற குறியும் இருந்தது. வங்கி கட்டிய தொகை சரிபார்த்து முடிந்தது என்பதற்கான குறி அது. இரண்டாம் காலாண்டில் பிடித்தமே இல்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவருடைய அண்ணன் மகன், "அத்தை, சான்றிதழ்ல பேங்க் முத்திரை இருக்கு. 9,000-னே போட்டு ரீஃபண்ட் கேளுங்க"ன்னு போனில் சொல்லியிருந்தார். கிளையில் கேட்டதற்கோ, "கொஞ்ச நாள் பொறுங்க டீச்சர், 26ஏஎஸ்ல தானா ஏறிடும்" என்று பதில் வந்திருக்கிறது.

இரண்டுமே சரியில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக்கு, யாரிடம் எவ்வளவு வரி பிடித்தோம் என்று அரசுக்குத் தெரிவிக்கும் 26க்யூ அறிக்கையை வங்கி தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள் அக்டோபர் 31. அது முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நான்காம் காலாண்டுப் பிடித்தம் என்றால்கூட, அதற்கு மே 31 வரை நேரம் உண்டு, அதனால் ஜூன் தொடக்கத்தில் பொறுத்துப் பார்க்கச் சொல்வதில் அர்த்தம் இருக்கும். செப்டம்பர் பிடித்தம் அடுத்த ஜூனிலும் ஏறவில்லை என்றால் இனித் தானாக ஏறப்போவதில்லை.

பாஸ்புக் சொன்ன கதை

சான்றிதழ் ஒன்று சொல்கிறது, 26ஏஎஸ் வேறொன்று சொல்கிறது. எது தப்பு என்பதை இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது சாட்சி வேண்டும். அது பாஸ்புக்.

நல்லவேளையாக அவர் ஒவ்வொரு மாதமும் பாஸ்புக்கில் பதிவு போட்டுவிடுவார். 2024 ஜூன் இறுதியில் 1,875, 1,500, 1,125 என்று மூன்று வரிப் பிடித்தங்கள். கூட்டினால் 4,500. அப்போது 15எச் கொடுக்கவில்லை, எனவே அந்தப் பிடித்தம் முறையானது. செப்டம்பர் 30 அன்றும் அதே மூன்று தொகைகள் பிடிக்கப்பட்டிருந்தன. ஆகஸ்டில் 15எச் வாங்கிக்கொண்ட கிளை, அதைக் கணினியில் ஏற்றாமல் விட்டிருந்ததுதான் காரணம். டிசம்பரிலும் மார்ச்சிலும் பிடித்தம் இல்லை.

அடுத்த பக்கத்தில்தான் விடை இருந்தது. அக்டோபர் 4 அன்று சேமிப்புக் கணக்கில் 4,500 ரூபாய் ஒரே தொகையாக வரவு. வட்டியும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. கேட்டதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. செப்டம்பர் பிடித்தத்தைப் பார்த்தவுடன் முத்திரை போட்ட நகலோடு கிளைக்குப் போயிருக்கிறார். மேலாளர் தப்பை ஒப்புக்கொண்டு பணத்தைத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறார். செப்டம்பரில் பிடித்த வரியை வங்கி அரசுக்குக் கட்ட அக்டோபர் 7 வரை நேரம் உண்டு. அதற்குள் திருப்பிவிட்டதால் அந்தத் தொகை அரசுக்குப் போகவே இல்லை.

ஆக, உண்மையில் அவர் கையைவிட்டுப் போன வரி 4,500 மட்டுமே. 26ஏஎஸ் சரி. சான்றிதழ்தான் தப்பு. பிடித்தம் ஒவ்வொரு வைப்பிலும் கணினி தானாகப் போட்ட பதிவு. திருப்பியதோ கிளையில் ஒருவர் கையால் போட்ட தனிப் பதிவு, அதுவும் சேமிப்புக் கணக்கில். சான்றிதழ் தயாரிக்கும் நிரல் வைப்புகளில் உள்ள பிடித்தங்களைக் கூட்டியது. சேமிப்புக் கணக்கில் வந்த வரவு அதன் கண்ணில் படவில்லை.

ஒரு எச்சரிக்கை. இவருடைய வைப்புகள் வட்டியை வெளியே கொடுக்கும் வகை, அதனால் பாஸ்புக்கிலேயே எல்லாம் தெரிந்தது. வட்டி முதலோடு சேரும் வைப்பு என்றால் பிடித்தம் வைப்பிலிருந்தே கழியும், சேமிப்புப் பாஸ்புக்கில் வராது. அப்போது அந்தந்த வைப்பின் கணக்கு விவரத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் புகார் வழிமாறியது

பாஸ்புக்கை நாங்கள் பார்ப்பதற்கு முன்பே அவர் கிளையில் வாய்மொழியாகப் புகார் சொல்லியிருந்தார். துணை மேலாளர் வெளி மாநிலத்துக்காரர், தமிழ் இப்போதுதான் பழகிவருகிறது. "சான்றிதழ்ல 9,000 இருக்கு, 26ஏஎஸ்ல 4,500தான் இருக்கு" என்று இவர் சொல்ல, "பிடித்த வரி பான் எண்ணில் ஏறவில்லை" என்ற தலைப்பில் அவர் புகாரைப் பதிவு செய்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மாதிரிப் புகார்களில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். மொழி தெரிந்தவரும் அப்படியே எடுத்துக்கொண்டிருப்பார்.

வங்கியின் வரிப் பிரிவு வேறொரு நகரத்தில் இருக்கிறது. அவர்கள் இரண்டாம் காலாண்டைத் திறந்து பார்த்து, "இந்தப் பான் எண்ணில் பிடித்தம் எதுவும் இல்லை" என்று எழுதிப் புகாரை முடித்துவிட்டார்கள். அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை.

இன்னொரு விதமாக நடந்திருந்தால் சிக்கல் பெரிதாகியிருக்கும். சான்றிதழை நம்பி, விடுபட்டதாக நினைத்து 26க்யூ-வில் திருத்தம் தாக்கல் செய்து 4,500-ஐ ஏற்றியிருந்தால்? ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட பணத்தை அந்த அம்மா அரசிடமிருந்து மறுபடியும் வாங்கியிருப்பார். வங்கி அந்தத் தொகையைத் தன் பணத்திலிருந்து கட்டி, தாமதத்துக்கு மாதம் 1.5 சதவீத வட்டியும் கொடுத்திருக்கும். பிறகு எப்போதாவது தணிக்கையில் இது வெளிவந்து, பணத்தைத் திருப்பிக் கேட்டு இவருக்குக் கடிதம் வந்திருக்கும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, கணக்கில் 4,500 மட்டுமே கோருவது. வங்கி அரசுக்குக் கொடுத்த விவரத்தை வைத்துத்தான் வரி வரவு தருவார்கள் என்பது விதி 37பிஏ. 9,000 என்று போட்டால் கணக்கைப் பரிசீலிக்கும் கட்டத்திலேயே பாதி வெட்டப்பட்டுக் கடிதம் வரும். இதெல்லாம் ஒருபுறம். வாங்கிக்கொண்ட பணத்தை வாங்கவில்லை என்று சொல்வதாகிவிடும் என்பதுதான் டீச்சருக்கு முக்கியமாகப் பட்டது. "அது பொய்க் கணக்கு தம்பி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இரண்டாவது, சான்றிதழைத் திருத்தக் கேட்பதா, விட்டுவிடுவதா என்பது. சட்டப்படி வரிப் பிடித்தத்துக்கு ஆதாரம் படிவம் 16ஏ. வங்கி தன் கணினியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் வட்டிச் சான்றிதழ் இல்லை. 16ஏ-வில் 4,500 சரியாகவே இருந்தது. சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கணக்கைத் தாக்கல் செய்திருக்கலாம். அவர் ஒப்பவில்லை. தன் கையிலுள்ள முத்திரையிட்ட தாள் ஒன்று, தான் தாக்கல் செய்யும் கணக்கு வேறொன்று என்று இருக்கக் கூடாது என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பின்னால் யாராவது விளக்கம் கேட்டால், 71 வயதுக்காரர் இந்தக் கதை முழுவதையும் திரும்பச் சொல்லி நிரூபிக்க வேண்டியிருக்கும். கணக்கு தாக்கலுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 15 வரை நீட்டிப்பு வந்திருந்ததால் அவசரமும் இல்லை.

மூன்றாவது, கடிதத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் பெயரை எடுப்பதில்லை என்பது. வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் அங்கே போகலாம். முதல் கடிதத்திலேயே அதைச் சொன்னால், கிளை அதை உடனே மேலே தள்ளிவிடும். மறுபடியும் வரிப் பிரிவு, மறுபடியும் அதே பதில். இங்கே தப்பைப் பார்க்கக் கூடியவர், பதிவு போட்ட கிளையிலேயே இருந்தார்.

கடிதம்

2025 ஜூலை 7 தேதியிட்டு அவரே எழுதினார். நான் தொகைகளைச் சரிபார்த்துக் கொடுத்தேன், வரிசையை மாற்றச் சொன்னேன். அவ்வளவுதான். பெயரும் எண்களும் நீக்கி அப்படியே தருகிறேன்.

> பெறுநர்: கிளை மேலாளர்
>
> பொருள்: 2024-25 வட்டிச் சான்றிதழில் வரிப் பிடித்தம் ரூ.4,500 கூடுதலாகக் காட்டப்பட்டுள்ளது. குறைத்துத் திருத்திய சான்றிதழ் தரக் கோருதல்.
>
> ஐயா,
>
> தங்கள் கிளை எனக்கு அளித்த வட்டிச் சான்றிதழில் பிடித்த வரி ரூ.9,000 என்று உள்ளது. உண்மையான பிடித்தம் ரூ.4,500 மட்டுமே.
>
> 30.09.2024 அன்று பிடித்த ரூ.4,500-ஐ, நான் 12.08.2024 அன்றே படிவம் 15எச் கொடுத்திருந்ததைக் கண்டு, 04.10.2024 அன்று என் சேமிப்புக் கணக்கில் தாங்களே திருப்பி வரவு வைத்துவிட்டீர்கள். அத்தொகை எனக்குக் கிடைத்துவிட்டது. சான்றிதழில் பிடித்தம் சேர்ந்திருக்கிறது, திருப்பியது கழியவில்லை.
>
> பிடித்த வரி என் பான் எண்ணில் ஏறவில்லை என்பது என் புகார் அன்று. இரண்டாம் காலாண்டில் ஏறாததே சரி. ஆகவே 26க்யூ அறிக்கையில் எந்தத் திருத்தமும் வேண்டாம். மொத்த வட்டி ரூ.1,80,000 சரியாக உள்ளது, அதையும் மாற்ற வேண்டாம். வரிப் பிடித்தம் ரூ.4,500 என்று திருத்திய சான்றிதழும், முன்னர் கொடுத்தது செல்லாது என்று ஒரு வரிக் குறிப்பும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> இணைப்பு: வட்டிச் சான்றிதழ், பாஸ்புக்கின் இரண்டு பக்கங்கள், முதல் காலாண்டுப் படிவம் 16ஏ, படிவம் 26ஏஎஸ், முத்திரையிட்ட 15எச் நகல்.

முதலில் அவர் எழுதிய வரைவு ஆகஸ்டில் தொடங்கி நடந்ததை வரிசையாகச் சொன்னது. படிக்க நன்றாக இருந்தது. ஆனால் என்ன வேண்டும் என்பது கடைசியில்தான் வந்தது. கிளையில் பொருள் வரியைப் பார்த்தே கடிதத்தை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறார்கள். அதனால் 'கூடுதலாக', 'குறைத்து' என்ற இரண்டு சொற்களும் பொருளிலேயே வரவேண்டும் என்றேன். 'சான்றிதழும் 26ஏஎஸ்-ம் பொருந்தவில்லை' என்று மட்டும் இருந்தால் முதல் புகாரின் வழியிலேயே இதுவும் போயிருக்கும்.

எதை மாற்ற வேண்டாம் என்று சொல்லும் பத்தி அவருடைய சொந்த யோசனை. அந்தக் கடிதத்தின் உயிரே அதுதான் என்று நினைக்கிறேன். பாஸ்புக் நகலில் ஆறு பிடித்தங்களையும் ஒரு வரவையும் பென்சிலால் வட்டமிட்டோம். மேலே போனாலும் புரியட்டும் என்று தேதி, தொகை மட்டும் கொண்ட சின்ன அட்டவணையை இங்கிலீஷிலும் சேர்த்தோம். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கினார்.

பிறகு நடந்தது

முதலில் கிளையில், "கணினி தருவது, எங்களால் மாற்ற முடியாது" என்றார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. அந்த எண்ணைக் கையால் அடித்துத் திருத்தும் வசதி அவர்களுக்கு இல்லை. மேலாளர் வட்டமிட்ட பக்கங்களைப் பார்த்ததும் விஷயம் நகர்ந்தது. அக்டோபர் 4 பதிவு போட்டது தன் கிளைதான் என்பது அவருக்கு உடனே தெரிந்தது. திருப்பிய தொகையை அந்தந்த வைப்பின் வரிப் பதிவோடு இணைக்கச் சொல்லி அவரே வரிப் பிரிவுக்கு எழுதினார்.

ஜூலை கடைசியில், சரிபார்த்து வருவதாக மின்னஞ்சல் வந்தது. ஆகஸ்ட் நடுவில் திருத்திய சான்றிதழ் கிடைத்தது. மொத்த வட்டி 1,80,000, பிடித்த வரி 4,500. பழையது செல்லாது என்ற குறிப்பை மேலாளர் கையெழுத்திட்டுத் தனித்தாளில் கொடுத்தார். அதே காலாண்டில் கையால் திருப்பிய வேறு சிலரின் பிடித்தங்களையும் எடுத்துப் பார்த்து, அவர்களுக்கும் புதுச் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்.

அதே வாரம் கணக்கைத் தாக்கல் செய்தோம். வட்டி முழுவதையும் வருமானமாகக் காட்டினோம். திருப்பி வந்த 4,500 வருமானம் இல்லை, அவருடைய சொந்தப் பணம்தான், அதனால் அது கணக்கில் வராது. செப்டம்பரில் கேள்வி எதுவும் இல்லாமல் பரிசீலனை முடிந்து, ஜூனில் பிடித்த 4,500-ம் வந்து சேர்ந்தது.

அடுத்த முறை மாறுவது

15எச் இப்போது ஏப்ரல் முதல் வாரத்தில் போகிறது. ஊரில் இல்லாவிட்டால் வங்கியின் செயலி வழியாக மகள் உதவியோடு கொடுத்துவிடுகிறார். கொடுத்ததோடு விடுவதில்லை, அதற்கு வங்கி தரும் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குகிறார். முத்திரை, தாளைக் கொடுத்தோம் என்பதற்கு ஆதாரம். கணினியில் ஏறியது என்பதற்கு அந்த எண்தான் ஆதாரம். 2024 ஆகஸ்டில் அதைக் கேட்டிருந்தால் செப்டம்பர் பிடித்தமே நடந்திருக்காது.

என் பக்கம், யார் சான்றிதழும் 26ஏஎஸ்-ம் வித்தியாசமாகக் கொண்டுவந்தாலும் பாஸ்புக்கையோ வைப்புக் கணக்கு விவரத்தையோ பார்க்காமல் கடிதம் எழுத உட்காருவதில்லை. பிடித்ததிலிருந்து திருப்பியதைக் கழித்தால் வரும் தொகை 26ஏஎஸ்-ஓடு ஒத்துப்போனால், இந்த டீச்சர் எழுதியது போன்ற கடிதம். அது சான்றிதழோடு ஒத்துப்போய் 26ஏஎஸ்-ல் குறைந்தால் நேர்மாறான கடிதம் வேண்டும்: பிடித்தீர்கள், கட்டவில்லை அல்லது வேறு பான் எண்ணில் கட்டிவிட்டீர்கள், 26க்யூ-வைத் திருத்துங்கள் என்று. உண்மையிலேயே பிடிக்கப்பட்ட அந்த வரியை மறுபடி உங்களிடமே கேட்கக் கூடாது என்று 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 205 சொல்கிறது. அங்கே கணக்கில் முழுத் தொகையையும் கோரலாம். முதல் சுற்றில் வரவு மறுக்கப்படலாம் என்பதையும் அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.